பாக்கிப் பணத்தை நிறுத்தும்போது எழுத வேண்டிய கடிதம்

வீட்டைப் புதுப்பிக்கும் வேலையில் முன்பணம் கொடுத்த நாளிலிருந்து கடைசித் தவணைக்கு முந்தைய நாள் வரை கான்ட்ராக்டரின் கைதான் ஓங்கியிருக்கும். பாத்ரூமை இடித்துப் போட்டுவிட்டு அவர் நான்கு நாள் வராமல் இருந்தால் வீட்டுக்காரர் என்ன செய்துவிட முடியும்? கடைசித் தவணை மட்டுமே வீட்டுக்காரரிடம் இருக்கும் பிடி. அந்தப் பிடியைப் பலர் கோபத்தில் எழுதும் ஒரு வாட்ஸ்அப் செய்தியால் இழந்துவிடுகிறார்கள். பணத்தை நிறுத்தி வைப்பதில் தவறில்லை, அதைச் சொல்லும் விதத்தில்தான் விஷயம் கெடுகிறது.

தாம்பரம் பக்கம் இருபத்தைந்து வருடப் பழைய மாடி வீடு ஒன்று. உரிமையாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. இரண்டு பாத்ரூம், ஒரு சமையலறை, கொஞ்சம் ஒயரிங் வேலை, எல்லாம் சேர்த்து 4,80,000 ரூபாய்க்குப் பேசியிருந்தார். டைல்ஸ், குழாய், ஒயர் எல்லாமே கான்ட்ராக்டர் பொறுப்பு. கொட்டேஷனில், 'வேலை முடிந்ததும் 70,000' என்று கடைசி வரி. 4,10,000 கொடுத்தாகிவிட்டது. கான்ட்ராக்டரிடமிருந்து, "டீச்சர், பேலன்ஸ் போட்டு விடுங்க, சனிக்கிழமை லேபருக்கு செட்டில் பண்ணணும்" என்று செய்தி வந்தபோது ஹால் சீலிங்கில் ஈரக்கறை பரவிக்கொண்டிருந்தது. டீச்சர் ராத்திரி உட்கார்ந்து ஒரு பதில் எழுதினார். நல்ல வேளையாக, அனுப்பும் முன் எனக்குக் காட்டினார்.

"தம்பி, நீங்க செஞ்ச வேலை சுத்த மோசம். மாடி பாத்ரூம்ல வாட்டர்ப்ரூஃபிங் போடவே இல்ல, ஹால் சீலிங் ஒழுகுது. கிச்சன் டைல்ஸ் எல்லாம் வெத்தா இருக்கு. எலக்ட்ரிக் வேலையும் சரியில்ல. பெயின்ட் கலரும் எனக்குப் பிடிக்கல. இனி ஒரு பைசா தரமாட்டேன். வேற ஆளை வெச்சு நானே செஞ்சுக்கிறேன். நீங்க ஏமாத்தினதை எல்லா குரூப்லயும் போடுவேன், போலீஸ்லயும் சொல்வேன்."

அவர் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. ஆனாலும் இதை அனுப்பியிருந்தால் அவருக்குத்தான் நஷ்டம்.

முதலில் திருத்த வேண்டியது, 'இனி ஒரு பைசா தரமாட்டேன், வேற ஆளை வெச்சு நானே செஞ்சுக்கிறேன்' என்ற இரண்டு வாக்கியங்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒருவர் தன் வேலையை முடித்தால்தான் மற்றவர் பணம் தர வேண்டும் என்று பேச்சு இருந்தால், வேலையை முடிக்காதவர் பணத்தைக் கேட்க முடியாது என்கிறது அதன் 54ஆம் பிரிவு. 'வேலை முடிந்ததும் 70,000' என்ற வரி டீச்சருக்கு இந்தப் பாதுகாப்பைத் தருகிறது. அதே சட்டத்தின் 39ஆம் பிரிவோ, ஒரு தரப்பு தன் கடமையை முழுக்கச் செய்ய மறுத்தால் மறு தரப்பு ஒப்பந்தத்தையே முடித்துக்கொள்ளலாம் என்கிறது. 'இந்த வேலை முடிந்ததும் தருகிறேன்' என்பது காத்திருப்பு. 'தரவே மாட்டேன்' என்பது மறுப்பு. காத்திருப்பவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறார், மறுப்பவரோ தானே பேச்சை முறித்தவராகிறார். அதோடு, 'நானே செய்துகொள்கிறேன்' என்று எழுதிவிட்டால் கான்ட்ராக்டர் நாளைக்கு, "சரி பண்ண வர்றதுக்கு நான் தயாரா இருந்தேன், அவங்கதான் வேண்டாம்னுட்டாங்க" என்று சொல்லலாம். அதற்கு ஆதாரம் டீச்சரின் கைப்பட எழுதிய செய்தியே.

எனவே அந்த இரண்டு வாக்கியங்களும் போய், அவற்றின் இடத்தில் தொகையும் நிபந்தனையும் சேர்ந்த ஒரே வாக்கியம் வந்தது. எவ்வளவு நிற்கிறது, எது நடந்தால் அது கைக்கு வரும், எந்த நாளில் வரும் என்று மூன்றையும் அது சொல்ல வேண்டும். படித்து முடித்ததும் கான்ட்ராக்டருக்குத் தோன்ற வேண்டியது, 'இதைச் செய்தால் என் பணம் வந்துவிடும்' என்பதுதான். அந்த நம்பிக்கை இல்லையென்றால் இந்த வீட்டை அப்படியே விட்டுவிட்டு அடுத்த சைட்டுக்குப் போவது அவருக்கு லாபமாகத் தெரியும்.

அடுத்தது 'வாட்டர்ப்ரூஃபிங் போடவே இல்ல'. குறையை எழுதும்போது பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். கண்ணால் பார்த்ததை எழுதாமல் தாங்கள் ஊகித்த காரணத்தை எழுதிவிடுகிறார்கள். சீலிங்கில் ஈரம் என்பது டீச்சர் பார்த்தது. வாட்டர்ப்ரூஃபிங் இல்லை என்பது அவர் முடிவு. மேலே பாத்ரூம் இருக்கும் இடத்தில் கீழே ஈரம் கசியப் பல வழிகள் உண்டு. தரையின் வாட்டர்ப்ரூஃபிங் விட்டிருக்கலாம். நஹானி ட்ராப்பைச் சுற்றிப் பூச்சு சரியில்லாமல் இருக்கலாம். சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயின் எல்போவில் கசிவு இருக்கலாம். காரணத்தை எழுதி அது தவறாகப் போனால், கான்ட்ராக்டர் வாட்டர்ப்ரூஃபிங் கெமிக்கல் வாங்கிய பில்லைக் காட்டி, "நான் போட்டிருக்கேன் பாருங்க" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும், ஈரம் அப்படியே இருக்கும். 'ஹால் சீலிங்கில் ஈரக்கறை இருக்கிறது' என்ற வாக்கியத்தை யாரும் பில் காட்டி மறுக்க முடியாது.

ஆகவே ஒவ்வொரு குறைக்கும் இடம் எது, கண்ணுக்குத் தெரிவது என்ன, எப்போது பார்த்தது, எப்படியிருந்தால் சரியானதாக எடுத்துக்கொள்வோம் என்று எழுதச் சொன்னேன். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 'சரி பண்ணிக் கொடுங்க' என்று மட்டும் எழுதினால், மேஸ்திரி வந்து கறை மேல் ஒரு கோட் பெயின்ட் அடித்துவிட்டு, "முடிஞ்சது டீச்சர்" என்று போய்விடலாம். பாத்ரூம் தரைக்கு இருவரும் ஏற்கக்கூடிய பரிசோதனை தண்ணீர் கட்டிப் பார்ப்பது. ட்ராப்பைத் துணி சுற்றிய மூடியால் அடைத்து, வாசலில் சிமெண்டுக் கலவையால் சின்ன வரம்பு கட்டி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்த வேண்டும். நீர்மட்டம் தொடும் இடத்தில் சுவர் டைல்ஸில் பென்சிலால் கோடு. 24 முதல் 48 மணி நேரம் விட்டுக் கீழே சீலிங்கைப் பார்க்க வேண்டும். மட்டம் ஒரு நூல் இறங்குவது ஆவியாவதாலும் இருக்கலாம், அதற்குப் பதற வேண்டியதில்லை. கீழே புது ஈரம் வருகிறதா என்பதுதான் தீர்ப்பு. ஆனால் இது தரையை மட்டுமே சோதிக்கும், சுவருக்குள் ஓடும் குழாயைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

'கிச்சன் டைல்ஸ் எல்லாம் வெத்தா இருக்கு' என்ற வரிக்கும் இதே சிகிச்சைதான். ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் நடுவிலும் நான்கு மூலையிலும் தட்டிப் பார்க்கச் சொன்னேன். பின்னால் கலவை நன்றாகப் பிடித்திருந்தால் அடர்த்தியான சத்தம் வரும். இடைவெளி இருந்தால் காலி டப்பாவைத் தட்டுவது போலக் கேட்கும். டீச்சர் ஒரு மதியம் முழுக்கத் தட்டி, சிங்குக்கு மேல் ஏழு டைல்ஸில் சாக்பீஸால் குறி போட்டார். 'எல்லாம்' என்பது ஏழாக இறங்கியது. இறங்கியதில் நஷ்டம் ஒன்றுமில்லை. 'எல்லாம்' என்று எழுதியிருந்தால் கான்ட்ராக்டர் நன்றாக ஒட்டிய ஒன்றைத் தட்டிக் காட்டியே முழுப் புகாரையும் தள்ளிவிட்டிருப்பார்.

'எலக்ட்ரிக் வேலை சரியில்ல' என்பதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டபோதுதான் உண்மையான ஆபத்து வெளியே வந்தது. மாடி கீசருக்கான மூன்று துளை பிளக் பாயின்ட்டில் எர்த் இணைப்பு இல்லை என்று வேறொரு எலக்ட்ரீஷியன் சோதித்துச் சொல்லியிருக்கிறார். ஈரமான இடத்தில், உலோகத் தொட்டி உள்ள கீசருக்கு எர்த் இல்லாமலிருப்பது உயிருக்கு ஆபத்து. பட்டியலில் மூன்றாவதாக, மூன்று சொல்லில் ஒளிந்திருந்த இதுதான் முதலில் சரிசெய்ய வேண்டியது. அது வரை அந்தக் கீசரைப் போட வேண்டாம் என்று டீச்சரிடம் சொன்னேன்.

பெயின்ட் கலரில் எங்களுக்குள் சின்ன வாக்குவாதமே நடந்தது. ஷேட் கார்டில் எண்ணைக் காட்டித் தேர்ந்தெடுத்தது டீச்சர்தான். சுவரில் அடித்த பிறகு அடர்த்தியாகத் தெரிந்தது, பிடிக்கவில்லை. இது குறை இல்லை, மனம் மாறியது. நியாயமான நான்கு குறைகளோடு நியாயமில்லாத ஒன்றைச் சேர்த்தால், கான்ட்ராக்டர் பதில் சொல்வது அந்த ஐந்தாவதற்கு மட்டும்தான் இருக்கும். இப்படி எழுதும் எவரும் குறைபாடு, முடிக்காமல் விட்ட வேலை, தான் புதிதாகக் கேட்பது ஆகிய மூன்றையும் தனித்தனியே பிரித்துவிட வேண்டும். முதல் இரண்டுக்கும் பாக்கியை நிறுத்தலாம், மூன்றாவதற்குக் கூடுதல் பணம் கொடுத்துத்தான் கேட்க முடியும். லேபர் கான்ட்ராக்ட்டில் இன்னொரு பிரிவும் உண்டு. டைல்ஸை நாமே வாங்கிக் கொடுத்திருந்தால், பெட்டிக்குப் பெட்டி நிறம் மாறியிருப்பதற்கு மேஸ்திரி பொறுப்பாக மாட்டார், ஒட்டிய விதத்துக்கு மட்டும்தான் பொறுப்பு.

'ஏமாத்தினதை', 'குரூப்ல போடுவேன்', 'போலீஸ்ல சொல்வேன்' எல்லாம் போயின. வேலை மோசமாக இருப்பது வேறு, ஏமாற்றுவது வேறு. இரண்டாவதைச் சொன்னால் நிரூபிக்கும் பொறுப்பும் சொன்னவர் தலையில் வந்து விழும். மிரட்டலைப் படித்தவர் தன் மானத்தைக் காக்கத்தான் பார்ப்பார், டைல்ஸைப் பார்க்க வரமாட்டார்.

அடுத்து எவ்வளவு நிறுத்துவது என்ற கேள்வி. முழு 70,000-ஐயும் நிறுத்தவே டீச்சர் நினைத்தார். கொட்டேஷன் வரி அவர் பக்கம் இருக்கிறது, அப்படிச் செய்யலாம்தான். ஆனால் வெளியாள் வந்து இந்த நான்கையும் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று அவருக்குத் தெரிந்த ஒரு பொறியாளரிடம் கேட்டபோது 38,000 என்றார். டைல்ஸை உடைத்த பின் என்ன இருக்குமோ என்று கொஞ்சம் கூட்டி வைத்து 55,000 நிறுத்துவது, 15,000 இப்போதே கொடுப்பது என்று முடிவானது. இந்த 15,000 எனக்கு முக்கியமாகப் பட்டது. டைல்ஸ் மேஸ்திரிக்கும் ஹெல்ப்பருக்கும் சனிக்கிழமை கூலி பாக்கி வைத்துவிட்டு அவர்களையே திரும்பக் கூப்பிட எந்தக் கான்ட்ராக்டராலும் முடியாது. ஆள் வர வேண்டுமென்றால் அவர் கையில் கொஞ்சம் காசு இருக்க வேண்டும். அதே சமயம், பகுதிப் பணம் கொடுத்ததால் வேலையை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடக் கூடாது. அதனால் பணம் அனுப்பும்போது குறிப்பிலேயே 'பகுதித் தொகை, குறைகள் பாக்கி' என்று போடச் சொன்னேன்.

"மழைக்காலம் முடியற வரைக்கும் ஒரு பத்தாயிரத்தைப் பிடிச்சு வெச்சுக்கலாமே?" என்றார் டீச்சர். பெரிய கட்டுமான ஒப்பந்தங்களில் அப்படி ஒரு தொகையைச் சில மாதம் பிடித்து வைக்கும் வழக்கம் உண்டு. ஆனால் அது முதலிலேயே எழுதப்பட்டிருக்கும். இவர்கள் கொட்டேஷனில் அப்படி ஒன்றும் இல்லை. கடைசி நாளில் புது நிபந்தனை சேர்த்தால் பேச்சை மாற்றியவர் டீச்சராகிவிடுவார். அடுத்த முறை வேலை கொடுக்கும்போது முதல் நாளே அதை எழுதிக்கொள்ளட்டும்.

கடைசியில் போன செய்தி இது.

"வணக்கம் தம்பி. கீழ் பாத்ரூமும் கிச்சன் மேடையும் நல்லா வந்திருக்கு. இன்னும் நாலு விஷயம் சரியாக வேண்டியிருக்கு.

1. மாடி கீசர் பாயின்ட்ல எர்த் இல்லைன்னு எலக்ட்ரீஷியன் செக் பண்ணிச் சொன்னார். இது ஆபத்து, இதை முதல்ல செய்யணும். முடிஞ்சதும் டெஸ்டர் போட்டுக் காட்டணும்.

2. மாடி பாத்ரூமுக்கு நேர் கீழ, ஹால் சீலிங்ல ஃபேனுக்குப் பக்கத்துல ஒன்றரை அடிக்கு ஈரக்கறை. 3ஆம் தேதி பார்த்தேன், 9ஆம் தேதி பெருசாகியிருக்கு (படம் 1, 2). காரணத்தைக் கண்டுபிடிச்சு சரி பண்ணணும். அப்புறம் 48 மணி நேரம் தண்ணி கட்டி ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். கீழ புது ஈரம் வரக் கூடாது.

3. அதே பாத்ரூம்ல குளிச்சு அரை மணி ஆன பிறகும் கதவோரம் தண்ணி நிக்குது (படம் 3). ஒரு வாளி ஊத்தினா முழுக்க ட்ராப்புக்குப் போற மாதிரி வாட்டம் சரி பண்ணணும்.

4. கிச்சன்ல சிங்குக்கு மேல ஏழு டைல்ஸ் தட்டினா வெத்துச் சத்தம் (படம் 4, சாக்பீஸ் குறி போட்டிருக்கேன்). எடுத்துட்டு மறுபடி ஒட்டணும். மிச்ச டைல்ஸ் ஒரு பெட்டி வீட்டுல இருக்கு.

மொத்தம் 4,80,000. இதுவரை கொடுத்தது 4,10,000. கொட்டேஷன்படி வேலை முடிஞ்சதும் 70,000. லேபர் செட்டில்மென்ட்டுக்காக அதுல 15,000 இன்னைக்கே அனுப்பறேன். மீதி 55,000-ஐ இந்த நாலும் முடிஞ்சு தண்ணி கட்டிப் பார்த்த அன்னைக்கே அனுப்பிடறேன்.

ஆள் எப்ப வருவாங்கன்னு 14ஆம் தேதிக்குள்ள சொல்லுங்க. 30ஆம் தேதிக்குள்ள முடிச்சுக் கொடுங்க. இதுல ஏதாவது உங்க பொறுப்பு இல்லைன்னு நினைச்சா எந்த நம்பர்னு எழுதுங்க, நேர்ல உட்கார்ந்து பேசிக்கலாம்."

கடைசி வாக்கியத்தை டீச்சர் தயங்கித்தான் ஏற்றார். "மறுக்க நாமே வழி காட்டற மாதிரி இருக்கே" என்றார். எண்ணைச் சொல்லி மறுக்கச் சொன்னால், மறுக்காத எண்களை அவர் ஒப்புக்கொண்டதாகப் பேச்சு நகரும். இங்கேயும் அப்படித்தான் ஆனது. கான்ட்ராக்டர் மூன்றாவதை மட்டும் மறுத்தார். கதவு நிலையைத் தாழ்த்தி வைக்கச் சொன்னது டீச்சர் என்றும், அதனால் வாட்டத்துக்கு இடம் பத்தவில்லை என்றும் எழுதினார். பழைய செய்திகளைப் புரட்டியபோது அது உண்மை என்று தெரிந்தது. வாசலில் கிரானைட் பட்டி வைத்து உயர்த்துவதென்றும், கல்லுக்கான காசை டீச்சரும் கூலியை அவரும் ஏற்பதென்றும் பேசி முடித்தார்கள்.

ஈரக்கறை விஷயத்தில் மாடி பாத்ரூமை இரண்டு நாள் யாரும் பயன்படுத்தாமல் விட்டுப் பார்த்தார்கள். தரை காய்ந்துவிட்டது, கீழே ஈரம் மட்டும் குறையவில்லை. குளிக்கும் தண்ணீர் இறங்கி வருவதாக இருந்தால் அதுவும் குறைந்திருக்க வேண்டும். அந்தப் பாத்ரூமுக்குப் போகும் வால்வை மூடிய பிறகுதான் கறை காயத் தொடங்கியது. சுவர் டைல்ஸ் இரண்டை உடைத்தபோது, குளிர்நீர்க் குழாயின் எல்போ ஒன்று சரியாக ஒட்டாமல் கசிந்துகொண்டிருந்தது தெரிந்தது. வாட்டர்ப்ரூஃபிங் போட்டுத்தான் இருந்தார்கள். உடைத்ததைச் சரிசெய்த பின் தண்ணீர் கட்டியும் பார்த்தார்கள், தரை தாங்கியது. அன்று மாலையே 55,000 போனது. 'மொத்தத் தொகையும் பெற்றுக்கொண்டேன், கணக்கு முடிந்தது' என்று கான்ட்ராக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டார் டீச்சர்.

எல்லாக் கான்ட்ராக்டரும் வந்துவிடுவதில்லை. 30ஆம் தேதி தாண்டியும் ஆள் வரவில்லையென்றால் இரண்டாவது செய்தி ஒன்று போக வேண்டும். முதல் செய்தியின் தேதியைக் குறிப்பிட்டு, இன்னும் ஏழு நாள் அவகாசம் கொடுத்து, அதற்குள் வராவிட்டால் வெளியாளை வைத்து இந்த வேலைகளை மட்டும் செய்து, பில்லில் உள்ள தொகையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருகிறேன் என்று எழுத வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, பேச்சை மீறியதால் நேர்ந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்க இடம் தருகிறது. ஆனால் உண்மையாகச் செலவான தொகையைத்தான் கேட்க முடியும், அதனால் பில் இல்லாமல் யாரையும் கூப்பிடக் கூடாது. உடைப்பதற்கு முன்னும், உடைத்த பின்னும், முடித்த பின்னும் படம் எடுத்து வைக்க வேண்டும். இந்த உரையாடலில் செய்திகள் தானாக அழியும் அமைப்பு இருந்தால் முதலிலேயே அதை நிறுத்திவிட வேண்டும். வாய்ஸ் நோட்டில் பேசியதையும் எழுத்தில் ஒரு முறை போட்டுவிடுவது நல்லது.

செலவு கையில் நிற்கும் பாக்கியைவிட அதிகமாகிவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். எங்கே போனாலும் முதலில் கேட்கப்படும் தாள்கள் கொட்டேஷனும், பணம் கொடுத்த விவரமும், குறைகளைச் சொல்லி அவகாசம் கொடுத்து எழுதிய அந்த முதல் செய்தியும்தான்.